மூன்று பேர், மூன்று கணக்கு நாட்கள்: படத்தில் வந்த வேலையும் கூலியும் கணக்கைத் தீர்ப்பது எப்படி?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் திறனறிவுப் பகுதிக்கு 25 வினாக்கள். அதில் நேரமும் வேலையும் பாடத்திலிருந்து வரும் கணக்கைப் பலரும் விரும்பிச் செய்வார்கள், இருவர் சேர்ந்து வேலை செய்யும் வரை. மூன்றாவது ஆள் வந்து, ஒருவர் நடுவில் விலகி, இன்னொருவர் "வேலை முடிவதற்கு 3 நாட்களுக்கு முன்" கிளம்பி, கடைசியில் கூலியையும் பிரிக்கச் சொன்னால் அங்கேயே தாண்டிப் போய்விடுவார்கள். இப்படிப்பட்ட கணக்குகள் இப்போது பெரும்பாலும் கைபேசியில் எடுத்த படமாகத்தான் கைக்கு வருகின்றன. அதனால் படத்தைச் சரியாகப் படிப்பதிலிருந்தே தொடங்குவோம். ஒரே ஒரு கணக்கை எடுத்து, கடைசி ரூபாய் வரை போவோம்.

படத்தில் இருக்கும் வினா இது:

"ஒரு வேலையை ரவி தனியாக 20 நாட்களிலும், சேகர் தனியாக 30 நாட்களிலும், மணி தனியாக 40 நாட்களிலும் முடிப்பர். ரவி வேலையைத் தொடங்குகிறார். 2 நாட்களுக்குப் பின் சேகர் சேர்கிறார். 6ஆம் நாள் காலையில் மணியும் சேர்கிறார். அன்று மாலை ரவி விலகுகிறார். வேலை முடிவதற்கு 3 நாட்களுக்கு முன் சேகரும் விலகுகிறார். மீதியை மணி முடிக்கிறார். மொத்தக் கூலி ரூ. 18,000 எனில், ரவி, சேகர், மணி ஆகியோரின் பங்கு முறையே என்ன?"

விடைகள்: (அ) 5,400, 7,200, 5,400 (ஆ) 3,600, 7,200, 7,200 (இ) 6,000, 6,000, 6,000 (ஈ) 5,400, 5,400, 7,200

முதல் படி: படத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்

வினாவை உங்கள் கையெழுத்தில் ஒரு தாளில் இறக்குங்கள். இதை நேர விரயம் என்று நினைக்க வேண்டாம். மங்கலான படத்தில் 0 எது, 8 எது என்று தெரியாது. 40 என்பது 48 மாதிரி இருக்கும். புத்தகத்தின் மடிப்பில் "6ஆம் நாள்" என்பதில் "ஆம்" மறைந்து "6 நாள்" என்று மட்டும் தெரியும். படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு வரி வெட்டுப்பட்டிருக்கலாம், அந்த வரியில்தான் கூலித் தொகை இருக்கும்.

எழுதும்போது ஒவ்வொரு ஆளுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். தனியாகச் செய்தால் எத்தனை நாள்? எந்த நாள் முதல் வேலை செய்தார்? எந்த நாள் வரை செய்தார்? மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்பது பதில்கள். ஒன்பதும் வினாவில் நேரடியாக இருக்காது. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு விடுங்கள், அதைக் கண்டுபிடிப்பதுதான் கணக்கு.

படத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டு வடிவமும் இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆணையத்தின் வினாத்தாளில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. "பிறகு", "முன்பு", "அன்று" போன்ற சின்னச் சொற்களில்தான் மொழிபெயர்ப்பு அதிகம் சறுக்கும், இந்தக் கணக்கோ முழுக்க முழுக்க அந்தச் சொற்களை நம்பித்தான் நிற்கிறது.

இரண்டாம் படி: நாட்களைச் சொல்லும் சொற்களைப் பிரித்துப் படியுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம். கணக்கு தப்பாகப் போகும் இடம் பெரும்பாலும் பெருக்கலோ வகுத்தலோ அல்ல, இதுதான்.

"2 நாட்களுக்குப் பின் சேகர் சேர்கிறார்" என்றால் முதல் இரண்டு நாளும் ரவி தனியாகச் செய்துவிட்டார். சேகரின் முதல் நாள் வேலையின் 3ஆம் நாள். "2ஆம் நாள் சேர்கிறார்" என்று இருந்திருந்தால் அவர் இழந்தது ஒரே ஒரு நாள்தான்.

"6ஆம் நாள் காலையில் மணி சேர்கிறார்" என்பதில் 6ஆம் நாளும் மணியின் கணக்கில் சேரும். அவர் இழந்தது 5 நாள்.

"அன்று மாலை ரவி விலகுகிறார்" என்பதால் ரவிக்கு 6 நாள் முழுதாக உண்டு. இந்த "மாலை" என்ற சொல் இல்லாமல் "6ஆம் நாள் விலகினார்" என்று மட்டும் இருந்தால் 5 நாளா 6 நாளா என்ற சந்தேகம் நியாயமானதே. அதை எப்படித் தீர்ப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

"வேலை முடிவதற்கு 3 நாட்களுக்கு முன்" என்பது இருப்பதிலேயே அதிகம் பயமுறுத்தும் வரி. வேலை எப்போது முடியும் என்று தெரியாதபோது அதற்கு 3 நாள் முன்பு எது என்று எப்படித் தெரியும்? தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கடைசி 3 நாட்களில் சேகர் இல்லை, ரவி ஏற்கெனவே போய்விட்டார், எனவே கடைசி 3 நாளும் மணி தனியாக. அந்த வரி தரும் தகவல் அவ்வளவுதான், நமக்கு அது போதும்.

மூன்றாம் படி: வேலைக்கு ஓர் அளவு கொடுங்கள்

20, 30, 40 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 120. மொத்த வேலை 120 அலகு என்று வைத்துக்கொள்வோம். 120 செங்கல் வரிசை என்றோ 120 சதுர அடி பூச்சு என்றோ நினைத்துக்கொண்டாலும் சரிதான். 240 என்று வைத்தாலும் விடை மாறாது. 120 என்பது பின்னம் இல்லாமல் முடியும் மிகச் சிறிய எண், அவ்வளவே.

ரவி ஒரு நாளில் 120 ÷ 20 = 6 அலகு. சேகர் 120 ÷ 30 = 4 அலகு. மணி 120 ÷ 40 = 3 அலகு.

குறைந்த நாளில் முடிப்பவருக்குத்தான் அதிக அலகு வர வேண்டும். வேகமாக எழுதும்போது 20, 30, 40 என்ற வரிசையைப் பார்த்து 2 : 3 : 4 என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. அப்படி எழுதினால் மெதுவாக வேலை செய்யும் மணி, மூன்று பேரிலும் வேகமானவர் ஆகிவிடுவார்.

நான்காம் படி: மஸ்டர் ரோல் போடுங்கள்

வேலைத்தளத்தில் யார் எந்த நாள் வந்தார் என்று மஸ்டர் ரோல் எழுதுவது போல, ஆட்கள் மாறும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். எழுதும் வரிசைதான் முக்கியம்: தெரிந்த தொடக்கத்தை எழுதிய கையோடு தெரிந்த முடிவையும் எழுதிவிடுங்கள், நடுவை விட்டுவிடுங்கள்.

தொடக்கம் தெரியும். 1, 2ஆம் நாட்களில் ரவி மட்டும்: 6 × 2 = 12 அலகு. 3 முதல் 5ஆம் நாள் வரை ரவியும் சேகரும்: 10 × 3 = 30. 6ஆம் நாள் மூவரும்: 13. இதுவரை 55 அலகு.

முடிவும் தெரியும். கடைசி 3 நாள் மணி மட்டும்: 3 × 3 = 9 அலகு.

ஆக 55 + 9 = 64 அலகு கணக்கில் வந்துவிட்டது. மீதி 120 − 64 = 56 அலகு நடுவில் நடந்திருக்க வேண்டும். நடுவில் இருப்பவர்கள் யார்? ரவி போன பிறகு, சேகர் போகும் முன்பு, அதாவது சேகரும் மணியும். இருவரும் சேர்ந்து ஒரு நாளில் 7 அலகு. 56 ÷ 7 = 8 நாள்.

```
நாள் 1–2     ரவி                    6 × 2  =  12
நாள் 3–5     ரவி, சேகர்            10 × 3  =  30
நாள் 6       ரவி, சேகர், மணி       13 × 1  =  13
நாள் 7–14    சேகர், மணி             7 × 8  =  56
நாள் 15–17   மணி                    3 × 3  =   9
                                   மொத்தம் = 120
```

வேலை 17 நாளில் முடிகிறது. சமன்பாடே தேவைப்படவில்லை. சமன்பாடு பிடித்தவர்கள் மொத்த நாளை T என்று வைத்து ஒரே வரியில் எழுதலாம்:

```
6×6 + 4×(T−5) + 3×(T−5) = 120
7T = 119
T = 17
```

சேகர் தொடக்கத்தில் 2 நாளும் கடைசியில் 3 நாளும் இல்லை, ஆகவே T−5. மணி முதல் 5 நாள் இல்லை, அவருக்கும் T−5. பயிற்சியில் கட்ட முறையையும் சமன்பாட்டையும் இரண்டையும் போட்டுப் பாருங்கள். தேர்வு அறையில் கட்ட முறையே என் சிபாரிசு. சமன்பாட்டில் ஒரு கழித்தல் குறி தப்பினால் கண்ணுக்குத் தெரியாது, கட்டத்தில் ஒரு நாள் விடுபட்டால் உடனே தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: கூலியைப் பிரியுங்கள்

இப்போது ஒவ்வொருவரும் செய்த நாளை எண்ணுங்கள். ரவி 1 முதல் 6 வரை 6 நாள். சேகர் 3 முதல் 14 வரை 12 நாள். மணி 6 முதல் 17 வரை 12 நாள். 3 முதல் 14 வரை என்றால் 14 − 3 = 11 என்று எழுதி ஒரு நாளை விழுங்கிவிட வேண்டாம், இரு முனையும் சேரும் என்பதால் 12.

செய்த வேலை: ரவி 6 × 6 = 36, சேகர் 4 × 12 = 48, மணி 3 × 12 = 36. கூட்டினால் 120. கூலி இந்த 36 : 48 : 36 என்ற விகிதத்தில், அதாவது 3 : 4 : 3 என்று பிரியும். 18,000 ரூபாயில் ரவிக்கு 5,400, சேகருக்கு 7,200, மணிக்கு 5,400. விடை (அ).

ரவி 6 நாள் வேலை செய்தார், மணி 12 நாள் செய்தார், இருவருக்கும் ஒரே கூலி. மணிக்கு இது அநியாயம் போலத் தோன்றலாம். ஆனால் ரவி ஒரு நாளில் செய்வதை முடிக்க மணிக்கு இரண்டு நாள் ஆகும், இந்தத் தொகை முடித்த வேலைக்கான தொகை. நாள் கணக்கில் பார்த்தால் ரவிக்கு ஒரு நாளுக்கு 900 ரூபாய், சேகருக்கு 600, மணிக்கு 450.

தவறான விடைகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் கணக்கு இன்னும் தெளியும். நாட்களை மட்டும் வைத்து 6 : 12 : 12 என்று பிரித்தால் (ஆ) கிடைக்கும். எதையும் பார்க்காமல் சமமாகப் பிரித்தால் (இ). வேலைத்திறனை மட்டும் வைத்து 6 : 4 : 3 என்று பிரித்தால் 18,000ஐ 13ஆல் வகுக்க வேண்டி வரும், முழு எண் வராது. இதில் ஓர் எச்சரிக்கை: (ஆ)விலும் சேகரின் பங்கு 7,200தான். வினா சேகரின் பங்கை மட்டும் கேட்டிருந்தால் தப்பான வழியில் போனவருக்கும் சரியான விடையே கிடைத்திருக்கும். வீட்டில் பயிற்சி செய்யும்போது விடைக்குறிப்போடு ஒத்துப்போகிறது என்பதால் மட்டும் வழி சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

சரிபார்க்க ஒரே வரி

எட்டாம் வகுப்பில் பின்னமாகப் படித்த முறையை இங்கே கொண்டு வாருங்கள். ஒருவர் செய்த நாளை, அவர் தனியாக முடிக்கும் நாளால் வகுத்தால், மொத்த வேலையில் அவர் முடித்த பங்கு கிடைக்கும்.

```
6/20 + 12/30 + 12/40 = 3/10 + 4/10 + 3/10 = 1
```

கூட்டுத்தொகை 1 வந்தால் நாட்கள் சரி. ஒவ்வொரு பின்னமும் அவரவர் கூலிப் பங்கு. இந்த வகைக் கணக்கில் ஒரே ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் இந்த வரியைத்தான் வைத்துக்கொள்வேன். இது எதிர்த் திசையிலும் வேலை செய்யும். "ரவிக்குக் கிடைத்த கூலி ரூ. 5,400 எனில் மொத்தக் கூலி என்ன?" என்று கேட்டால், அவர் 20இல் 6 நாள் செய்தார், பங்கு 3/10, எனவே மொத்தம் 18,000. சேகர், மணி பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

இதிலிருந்து தேர்வு அறைக்கான குறுக்கு வழியும் கிடைக்கிறது. ரவி எத்தனை நாள் செய்தார் என்பது வினாவிலேயே இருக்கிறது. ரவி 18,000 × 6/20 = 5,400 என்று முதலில் போட்டால் (ஆ), (இ) இரண்டும் விழுந்துவிடும். மிஞ்சுவது (அ), (ஈ). சேகர் மொத்த நாட்களில் 5 நாள் இல்லை, மணியும் 5 நாள் இல்லை. இருவரும் சம நாட்கள் செய்திருக்கிறார்கள், சேகர் மணியைவிட வேகமானவர், எனவே சேகருக்குத்தான் அதிகம். (ஈ) போயிற்று. 17 நாள் என்று கண்டுபிடிக்காமலே விடை வந்துவிட்டது. இருவரும் சம நாட்கள் செய்தது இந்தக் கணக்கில் அமைந்த ஒன்று, எல்லாக் கணக்கிலும் அமையாது. எங்கே அமையவில்லையோ அங்கே நான்காம் படியை முழுதாகப் போட வேண்டும்.

படத்தைத் தப்பாகப் படித்தால் எப்படித் தெரியும்?

நாட்கள் முழு எண்ணாக வராதது முதல் அறிகுறி. மணியின் 40ஐ 48 என்று படித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீச்சிறு பொது மடங்கு 240 ஆகும், ஒரு நாள் வேலை 12, 8, 5 ஆகும். அப்போது 72 + 13 × (T−5) = 240 என்று போய் 13T = 233 என நிற்கும். 233ஐ 13 வகுக்காது. "2 நாட்களுக்குப் பின்" என்பதை "2ஆம் நாள்" என்று எடுத்திருந்தால் 7T = 115. "6ஆம் நாள் மணி சேர்கிறார்" என்பதை 6 நாள் முடிந்த பிறகு என்று எடுத்திருந்தால் 7T = 122. ரவிக்கு 6 நாளுக்குப் பதில் 5 நாள் கொடுத்தால் 7T = 125. எதிலும் முழு எண் இல்லை.

முன்பு சொன்ன சந்தேகத்தைத் தீர்க்கும் வழியும் இதுதான். "6ஆம் நாள் விலகினார்" என்று மொட்டையாக இருந்தால் 5, 6 இரண்டையும் போட்டுப் பாருங்கள். முழு நாளில் முடியும் பொருளைத்தான் வினா அமைத்தவர் நினைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனாலும் இதை விதியாக்கக் கூடாது. பின்ன நாளில் முடியும் கணக்குகளும் உண்டு. இதே கணக்கில் சேகர் கடைசி வரை இருந்திருந்தால் 36 + 4 × (T−2) + 3 × (T−5) = 120 என்றாகி, T = 15 2/7 வரும். கணக்கு சரிதான், கடைசி நாள் முழுதாவதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது என்று பொருள். அப்போது கூலி சேகருக்குச் சுமார் 7,971 ரூபாய், மணிக்குச் சுமார் 4,629 ரூபாய் என்று போகும். தரப்பட்ட விடைகள் எல்லாம் நூறு நூறாக இருக்கும்போது உங்களுக்கு இப்படி வந்தால் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பாருங்கள்.

கூலியைப் பற்றிய வரி வேறு மாதிரி இருந்தால்

மேலே செய்ததெல்லாம் "மொத்தக் கூலி" அல்லது "ஒப்பந்தத் தொகை" தந்து பிரிக்கச் சொல்லும் கணக்குக்கு. "மூவருக்கும் ஒரே தினக்கூலி" என்று வினா சொல்லிவிட்டால் வேலைத்திறன் கூலிக்குள் வராது. அப்போது 6 : 12 : 12 என்ற நாள் விகிதமே சரி, (ஆ)வே விடை ஆகிவிடும். வேலைத்திறன் அங்கே வேலை எத்தனை நாளில் முடிகிறது என்று கண்டுபிடிக்க மட்டும் உதவும். ஆளுக்கொரு தினக்கூலி தந்திருந்தால் நாளையும் தினக்கூலியையும் பெருக்கினால் போதும்.

சேர்ந்து செய்யும் நாட்களைத் தந்திருந்தால்

இன்னொரு வகைப் படம் அடிக்கடி வரும். தனித்தனி நாட்களைச் சொல்லாமல், "ரவியும் சேகரும் 12 நாட்களில், சேகரும் மணியும் 17 1/7 நாட்களில், ரவியும் மணியும் 13 1/3 நாட்களில் முடிப்பர்" என்று இருக்கும். இதைத் தட்டச்சு செய்யும்போது இடைவெளி விடுபட்டு 171/7, 131/3 என்று ஒட்டிக்கொள்வது மிகச் சாதாரணம். படத்தில் அப்படிப் பார்த்தால் உடனே சந்தேகப்படுங்கள். 131/3 என்றால் கிட்டத்தட்ட 44 நாள். அப்படியே எடுத்துக் கணக்குப் போட்டால் மணியின் ஒரு நாள் வேலை பூச்சியத்துக்குக் கீழே போய்விடும், அதாவது மணி வேலைக்கு வந்தால் நடந்த வேலை குறைகிறது என்று ஆகும்.

சரியாகப் படித்தால் 13 1/3 என்பது 40/3, 17 1/7 என்பது 120/7. மொத்த வேலையை 120 என்று வைத்தால் ரவியும் சேகரும் ஒரு நாளில் 10, சேகரும் மணியும் 7, ரவியும் மணியும் 9 அலகு. மூன்றையும் கூட்டினால் 26. இதில் ஒவ்வொருவரும் இரண்டு முறை வந்திருக்கிறார்கள், எனவே மூவரும் சேர்ந்து 13. 13இலிருந்து சேகர்–மணியின் 7ஐக் கழித்தால் ரவி 6. ரவி–மணியின் 9ஐக் கழித்தால் சேகர் 4. ரவி–சேகரின் 10ஐக் கழித்தால் மணி 3. இனி நான்காம் படியிலிருந்து அப்படியே தொடரலாம்.